ரிஸ்க் ரிவர்சலில் பாதியை மறந்து 2 மதிப்பெண்ணில் போனவன் எழுதுவது

வங்கி ட்ரெஷரி டீலர் தேர்வில் நேற்று பாஸ். போன தடவை 2 மதிப்பெண்ணில் போச்சு, அதுவும் ஒரே ஒரு அட்டவணைக் கேள்வியால், அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. தேர்வு எப்படி இருக்கும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதனால் கரன்சி ஆப்ஷன் பகுதியை மட்டும் எழுதுகிறேன்.

டாலர்-ரூபாய், 1 மாதம் என்று வைத்துக்கொள்வோம் (எண்கள் என் கற்பனை, கேள்வி இதே மாதிரிதான் வரும்). ஏடிஎம் வால், அதாவது அட்-தி-மணி ஸ்ட்ரைக்கின் வாலட்டிலிட்டி, 4.00, 25 டெல்டா ரிஸ்க் ரிவர்சல் +0.60, பட்டர்ஃபிளை 0.20. கால், புட் வால் என்ன? நான் போன தடவை 0.60-ஐ முழுசாகக் கூட்டி 4.80 என்றும், முழுசாகக் கழித்து 3.60 என்றும் எழுதினேன். ரிஸ்க் ரிவர்சல் என்பது கால் வாலுக்கும் புட் வாலுக்கும் உள்ள வித்தியாசம். அதைப் பாதி மேலே, பாதி கீழே பிரிக்க வேண்டும். பட்டர்ஃபிளை இரண்டு பக்கத்தையும் ஒரே அளவு தூக்கும்.

```
call = ATM + BF + RR/2
put  = ATM + BF - RR/2
```

கால் 4.50, புட் 3.90. எழுதி முடித்ததும் இரண்டையும் கழித்துப் பாருங்கள், 0.60 வர வேண்டும். என் விடையைக் கழித்தால் 1.20 வருகிறது. அதைப் பார்க்க பத்து விநாடி போதும், நான் பார்க்கவில்லை.

இந்த +0.60 என்ன சொல்கிறது? சந்தை டாலர் ஏறுவதற்கான காப்பீட்டுக்கு அதிக விலை தருகிறது, அவ்வளவுதான். ராணிப்பேட்டையில் தோல் ஏற்றுமதி செய்யும் என் மாமாவிடம் இதைச் சொன்னேன். "அப்ப டாலர் ஏறப்போகுதுன்னு சொல்றியா மாப்ள?" என்றார். இல்லை மாமா, ஏறினால் வலிக்கிறவர்கள் அதிகம் என்றுதான் அர்த்தம். அவருக்கு வேண்டியது டாலர் இறங்கினால் காக்கும் புட், அது 3.90-க்குக் கிடைக்கிறது. அந்தச் செலவுக்காக அவர் விற்கப்போகும் கால் 4.50-க்குப் போகிறது. எதிர்ப்பக்கம் நிற்பவரின் பயம் அவருக்கு லாபம். ஆனால் டாலர் எகிறினால் அந்த ஏற்றத்தை விட்டுக்கொடுக்க வேண்டும், அதை அவரிடம் இரண்டு தடவை சொன்னேன்.

குறியில் ஒரு வழுக்கல் இருக்கிறது. கால் என்றால் ஜோடியில் முதலில் இருக்கும் கரன்சியின் கால். டாலர்-யென்னில் ரிஸ்க் ரிவர்சல் மைனஸ் என்றால் டாலர் புட்டுக்கு கிராக்கி, அதாவது யென் கால். காட்பாடியிலிருந்து சென்னை போகும் ரயிலில் இதைக் கையில் எழுதி எழுதியே பழகினேன். உட்கார இடம் கிடைத்த நாளில் மட்டும்.

இப்போது எனக்குப் பிடித்த பகுதி, 10 டெல்டா. அதே நாளில் 10 டெல்டா ரிஸ்க் ரிவர்சல் +1.10, பட்டர்ஃபிளை 0.65 என்றால் கால் 5.20, புட் 4.10. கவனியுங்கள், 25 டெல்டா புட் ஏடிஎம்முக்குக் கீழே 3.90-ல் இருந்தது, 10 டெல்டா புட்டோ அதற்கு மேலே 4.10-க்கு ஏறிவிட்டது. சாய்வு மேல்பக்கம்தான், ஆனாலும் தூரத்துச் சரிவுக்கும் சந்தை காசு கேட்கிறது. ரிஸ்க் ரிவர்சலை மட்டும் பார்க்கிறவனுக்கு இது தெரியவே தெரியாது.

இந்த வால் எண்களைப் பைசாவில் மாற்றிப் பாருங்கள். ஃபார்வர்ட் 86 என்றால் 10 டெல்டா கால் ஸ்ட்ரைக் சுமார் 87.68. 5.20 வாலில் அதன் விலை ஏறக்குறைய 6 பைசா. எல்லா ஸ்ட்ரைக்குக்கும் 4.00 என்று போட்டிருந்தால் 2 பைசாதான். 1.20 வால் வித்தியாசம் சின்னதாகத் தெரிகிறது, ஆனால் ஓரத்தில் இருக்கும் ஆப்ஷனின் விலை 3 மடங்கு ஆகிவிடுகிறது.

அப்புறம் சில விஷயங்கள், வரிசை இல்லாமல்:

- ரிஸ்க் ரிவர்சல் 0.60-லிருந்து 0.75 ஆனது, சாய்வு கூடிவிட்டதா என்று கேட்பார்கள். ஏடிஎம்மும் 4-லிருந்து 5 ஆகியிருந்தால் விகிதம் இரண்டு நாளும் 0.15 தான். பதற்றம் கூடியது, சாய்வு அப்படியே இருக்கிறது.
- ஏடிஎம் என்பது இன்றைய ஸ்பாட் விலை இல்லை. கால், புட் டெல்டா ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் ஸ்ட்ரைக்.
- கேள்வியில் 'மார்க்கெட் ஸ்ட்ராங்கிள்' என்று வந்தால் நிறுத்துங்கள். புரோக்கர் அங்கே கால், புட் இரண்டுக்கும் ஒரே வால் போட்டு மொத்த விலை சொல்கிறார். ரிஸ்க் ரிவர்சல் சின்னதாக இருந்தால் மேலே உள்ள சூத்திரம் ஏறக்குறைய ஓடும், பெரிதாக இருந்தால் ஓடாது, கால்-புட் வாலைத் திருத்தித் திருத்தி அந்த மொத்த விலைக்குப் பொருத்த வேண்டும். இந்தத் தடவை இது வந்தது. விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன், கணக்கு போட எனக்குப் பொறுமை கிடையாது.