கெடு தாண்டிய ஒத்தி நிலத்தை மீட்ட அனுபவம்

2013-ல் அப்பா எங்கள் வயலை இரண்டு லட்சத்துக்கு ஒத்தி வைத்தார். கெடு ஐந்து வருடம். பணத்துக்கு வட்டி கிடையாது, விளைச்சல் வட்டிக்குச் சரி. பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: ‘கெடுவுக்குள் மீட்காவிட்டால் இந்தப் பத்திரத்தையே கிரயப் பத்திரமாகப் பாவித்துக்கொள்ள வேண்டியது.’ அக்காவின் கல்யாண நெருக்கடி. அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார்.

2020-ல் அவர் இறந்தார். பணத்தைச் சேர்த்துக்கொண்டு 2023-ல் நான் போனபோது, பணம் கொடுத்தவர் அந்த வரியைக் காட்டி, “2018-லேயே நிலம் என்னுடையதாகிவிட்டது தம்பி” என்றார். பத்திரம் எழுதுபவரிடம் ஓடினேன். அவரும் “கெடு முடிஞ்சு அஞ்சு வருஷம், இனி ஒண்ணும் பண்ண முடியாது” என்று கையை விரித்தார். அதை நம்பி மூன்று மாதம் சும்மா இருந்ததை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

அப்புறம்தான் வக்கீல் ஒருவர் விளக்கினார். சொத்து மாற்றுச் சட்டத்தின் 60-வது பிரிவுப்படி, கெடு வந்த பிறகு பணத்தைக் கட்டி நிலத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை அடமானம் வைத்தவருக்கு உண்டு. கெடு என்பது அந்த உரிமை தொடங்கும் நாள். அதையே உரிமை முடியும் நாளாக எழுதி வைத்தால் அந்த வரி செல்லாது. “நிலம் இங்கே கடனுக்கு ஈடு, அவ்வளவுதான். அவசரத்தில் இருப்பவர் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுவார். அதனால்தான் கடன் வாங்கும்போதே இந்த உரிமையை எழுதிக் கொடுக்க முடியாது என்று வைத்திருக்கிறார்கள்” என்றார். 15 வருடக் கெடு போட்டு, தாண்டினால் சொத்து போய்விடும் என்று எழுதிய ஒரு பத்திரத்தில், உச்ச நீதிமன்றம் 1964-லேயே அந்த நிபந்தனை செல்லாது என்று சொல்லியிருக்கிறதாம். காலாவதி பற்றிய என் பயத்தையும் தீர்த்தார். மீட்பு வழக்குக்குப் பொதுவாக 30 வருடம். இதுபோன்ற ஒத்தியில் பணத்தைக் கட்டும் வரை அந்தக் கணக்கே தொடங்காது என்று 2014-ல் தீர்ப்பு வந்திருக்கிறது.

நான் வக்கீலைப் பார்த்தது தெரிந்ததும் எதிர்த்தரப்பு வீட்டுக்கே வந்து, இன்னும் ஐம்பதாயிரம் தருகிறேன், தனியாக ஒரு கிரயம் எழுதிக் கொடுத்துவிடு என்று கேட்டது. இங்கேதான் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும். ஒத்திப் பத்திரத்திலேயே எழுதிய கிரய வரி செல்லாதே தவிர, பின்னாளில் நாமே மனமொப்பித் தனியாக எழுதிக் கொடுக்கும் கிரயம் செல்லும். அதோடு மீட்பு உரிமையும் போய்விடும். பழைய வரி செல்லும் என்றால் அவர்களுக்கு எதற்குப் புதுக் கையெழுத்து? அம்மா முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அடுத்த சிக்கல், அசல் பத்திரம் பணம் கொடுத்தவரிடம் இருந்தது. நகல் வாங்கலாம் என்று வில்லங்கம் போட்டால் வெறுமையாக வந்தது. எனக்குக் கை கால் ஓடவில்லை. சார்பதிவாளர் அலுவலக எழுத்தரோ, “பதிவே இல்லைங்க” என்றதோடு சரி. ஒரு வாரம் கழித்துத்தான் புரிந்தது: இடையில் உட்பிரிவு ஆகி சர்வே எண் மாறியிருந்தது. பழைய எண்ணில் போட்டதும் ஒத்தி வந்துவிட்டது, சான்றிட்ட நகலும் கிடைத்தது. வாரிசுச் சான்று சிக்கலில்லாமல் வந்தது.

வக்கீல் நோட்டீசுக்குப் பதில் இல்லை. உடனே வழக்கு போடாமல், 83-வது பிரிவின்படி இரண்டு லட்சத்தையும் கோர்ட்டில் கட்டினோம். முழுத் தொகையும் கட்ட வேண்டும், ஒரு ரூபாய் குறைந்தாலும் பயனில்லை. கட்டிய பணத்தைக் கோர்ட்டிலிருந்து அவர் எடுத்துக்கொள்ள முடிந்த முதல் நாளிலிருந்து விளைச்சலுக்கு அவர்தான் கணக்குச் சொல்ல வேண்டும் என்பது பெரிய பிடி. இதிலும் ஒரு வரம்பு உண்டு. அவர் பணத்தை ஏற்க மறுத்திருந்தால், தனியாக மீட்பு வழக்குதான் போட்டிருக்க வேண்டும்.

முதல் வாய்தாவுக்கு அவர் வரவில்லை. இரண்டாவதில் வக்கீலோடு வந்து, பணத்தைப் பெற்றுக்கொள்ளச் சம்மதம் என்று மனு கொடுத்து, அசல் பத்திரத்தையும் கோர்ட்டில் ஒப்படைத்தார்.

அதோடு விட்டுவிடாதீர்கள். ஒத்தி தீர்ந்ததற்கு அவரைக் கையெழுத்துப் போட வைத்து ரசீதைப் பதிவு செய்ய வேண்டும். இல்லையென்றால் வில்லங்கத்தில் ஒத்தி அப்படியே நிற்கும். அவரை அழைத்துவர இரண்டு முறை அலைந்தேன். போன மாதம் வில்லங்கம் எடுத்தபோது, 2013 ஒத்திக்குக் கீழே ரசீது பதிவாகியிருந்தது. பழைய எண், புது எண் இரண்டிலும் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அம்மாவிடம் காட்டினேன்.