எக்செல் செய்முறைத் தேர்வு: விலைப்பட்டியலிலிருந்து ரேட் எடுக்கும்போது சறுக்கும் இடங்கள்

சென்னையில் பில்டர் அலுவலகத்தில் எஸ்டிமேட் வேலைக்குப் போகிறவர்களுக்கு எக்செல் தேர்வில் இப்படி ஒரு கணக்கு வரும்: Rates என்ற ஷீட்டில் 60 பொருட்களின் கோடு எண், பெயர், அலகு, ரேட். பட்ஜெட் ஷீட்டில் கோடும் அளவும் மட்டும் இருக்கும். ரேட் தானாக வந்து உட்கார வேண்டும்.

```
=VLOOKUP(A2,Rates!$A$2:$D$61,4,FALSE)
```

4 என்பது ரேட் இருக்கும் நான்காவது பத்தி. டாலர் குறி போட F4 அழுத்தினால் போதும். அதை விட்டுவிட்டு 10-ஆம் வரிசை வரை இழுத்தால் பட்டியல் A10:D69 என்று நகர்ந்துவிடும். மேலே உள்ள எட்டுப் பொருட்களைத் தேடினால் #N/A வரும். இந்தப் பிழை கண்ணில் படும், திருத்திவிடலாம்.

கண்ணில் படாத பிழைதான் மதிப்பெண்ணைத் தின்னும். கடைசியில் FALSE போடாவிட்டால் எக்செல் கிட்டத்தட்டப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளும். பட்டியலில் 102 சிமெண்ட், மூட்டை 400 ரூபாய். அடுத்தது 104 என்று வைத்துக்கொள்வோம். கட்டுக்கம்பிக்கு 103 என்று கோடு கொடுத்து, பட்டியலில் சேர்க்க மறந்துவிட்டார்கள். 103-ஐத் தேடினால் சிமெண்ட் ரேட் வந்து நிற்கும். கிலோ 85 ரூபாய்க் கம்பி 30 கிலோவுக்கு 2,550 வரவேண்டிய இடத்தில் 12,000 வரும், எந்த எச்சரிக்கையும் இல்லாமல். FALSE இருந்தால் #N/A வந்து குட்டு வெளிப்பட்டுவிடும்.

அந்த #N/A அசிங்கமாக இருக்கிறதென்று IFERROR போட்டு 0 ஆக்குகிறவர்கள் நிறையப் பேர். செய்யாதீர்கள். ரேட் இல்லாத பொருள் இலவசம் என்று கணக்காகி மொத்தம் குறைந்துபோகும். மொத்தத்திலேயே #N/A தெரிந்தால்தான் பட்டியலில் ஏதோ விடுபட்டிருக்கிறது என்று தேடத் தோன்றும். இன்னொன்று: பட்டியலில் கோடு இருந்து ரேட் கட்டம் காலியாக இருந்தாலும் VLOOKUP 0 தான் தரும். இழுத்து முடித்ததும் ரேட் பத்தியில் 0 இருக்கிறதா என்று ஃபில்டர் போட்டுப் பாருங்கள்.

கோடு பட்டியலில் கண்ணுக்குத் தெரிகிறது, ஆனாலும் #N/A வருகிறதா? ஒரு பக்கம் எண்ணாகவும் மறுபக்கம் எழுத்தாகவும் இருக்கும். எழுத்தாக இருப்பது கட்டத்தின் இடதுபுறம் ஒட்டி நிற்கும், மூலையில் பச்சை முக்கோணமும் பெரும்பாலும் தெரியும். அந்தப் பத்தியைத் தேர்ந்தெடுத்து Data-வில் Text to Columns, உடனே Finish. எண்ணாகிவிடும்.

அலகையும் அதே ஃபார்முலாவில் 4-க்குப் பதில் 3 போட்டுப் பக்கத்திலேயே கொண்டுவந்து வையுங்கள். எம்-சாண்ட் ரேட் யூனிட்டுக்கு, அதாவது 100 கன அடிக்கு இருக்கும். அளவைக் கன அடியில் போட்டுப் பெருக்கினால் தொகை நூறு மடங்கு ஏறிவிடும். ஃபார்முலா சரியாகவே இருக்கும், அலகுப் பத்தியைப் பார்த்தால்தான் பிடிபடும்.

XLOOKUP-க்கு FALSE தேவையில்லை, தானே சரியான பொருத்தத்தைத்தான் தேடும். ஆனால் தேர்வு மையக் கணினியில் எக்செல் 2019 இருந்தால் #NAME? தான் வரும். VLOOKUP கையில் பழகியிருக்கட்டும்.