நாட், நாட்டிகல் மைல் கணக்கு: எக்ஸாம்ல மார்க் போற இடம்

கப்பல் பயண நேரம் கணக்குக்கு ஃபார்முலா எல்லாருக்கும் தெரியும், தூரத்தை வேகத்தால வகுக்கணும், அவ்ளோதான். ஆனா மார்க் போறது அதுக்கு அப்புறம்தான்.

முதல்ல நாட் என்னன்னு தெளிவா வச்சுக்கங்க. ஒரு மணி நேரத்துல ஒரு நாட்டிகல் மைல் போனா அதுதான் ஒரு நாட். அதுக்குள்ளயே "மணிக்கு" இருக்கு, அதனால "மணிக்கு 12 நாட்"னு எழுதக்கூடாது. ஒரு நாட்டிகல் மைல் சரியா 1852 மீட்டர், அதாவது அட்சரேகையில ஒரு மினிட் அளவு தூரம்னு வச்சுக்கலாம். அப்போ 1 நாட் = மணிக்கு 1.852 கிமீ.

ஒரு கணக்கு போட்டே பாத்துடலாம். தூரம் 762 நாட்டிகல் மைல், வேகம் 12.5 நாட், 10ஆம் தேதி 18:30க்கு கிளம்புது, எப்ப போய் சேரும்? 762 / 12.5 = 60.96 மணி. இங்கதான் நிறைய பேர் 60 மணி 96 நிமிஷம்னு எழுதிட்டு அதை 61 மணி 36 நிமிஷமா மாத்திடுறாங்க. அந்த .96 நிமிஷமே இல்லைங்க, ஒரு மணி நேரத்துல 0.96 பங்கு, அதை 60ஆல பெருக்குனா 57.6, அதாவது 60 மணி 58 நிமிஷம். நாளா மாத்துனா 2 நாள் 12 மணி 58 நிமிஷம், சேர வேண்டியது 13ஆம் தேதி 07:28. நான் படிக்கிறப்ப புள்ளிக்கு அப்புறம் வர்றதை உடனே வட்டம் போட்டு வச்சுட்டு தனியா 60ஆல பெருக்குவேன், இந்த ஒரு பழக்கம் ரொம்ப கைகொடுத்துச்சு.

கிமீ கேக்காத வரைக்கும் கிமீக்கு மாத்தவே மாத்தாதீங்க. மாத்துனா ரெண்டையும் மாத்தணும்: 1411.2 கிமீ, மணிக்கு 23.15 கிமீ, வகுத்தா அதே 60.96 தான் வரும். தூரத்தை மட்டும் மாத்திட்டு 12.5ஆல வகுத்தா கிட்டத்தட்ட 113 மணி வந்து நிக்கும். விடை இப்படி டபுளுக்கு கொஞ்சம் கம்மியா வந்தா யூனிட் கலந்துடுச்சுன்னு அர்த்தம். நாட்டை மனசுலயே கிமீ ஆக்கணும்னா ரெண்டால பெருக்கி அதுல பத்துல ஒரு பங்கை கழிச்சுடுங்க. 12.5க்கு 25, அதுல 2.5 போனா 22.5, நிஜ விடை 23.15. சரிபாக்க இது போதும், விடையா எழுதாதீங்க.

கேள்வியில எதிர் நீரோட்டம்னு இருந்தா வகுக்குறதுக்கு முன்னாடியே வேகத்துல கழிச்சுடணும். அதே கப்பலுக்கு நேர் எதிரா 1.5 நாட் நீரோட்டம்னா தரைக்கு மேல வேகம் 11 நாட் தான், 762 / 11 = 69.27, அதாவது 69 மணி 16 நிமிஷம். நேரத்தை கண்டுபிடிச்சுட்டு கடைசில அட்ஜஸ்ட் பண்ணலாம்னு பாத்தா வராது, ஏன்னா எட்டு மணி நேரத்துக்கும் மேல தள்ளிப்போன இந்த கூடுதல் நேரத்துலயும் நீரோட்டம் கப்பலை இழுத்துக்கிட்டேதான் இருக்கும்.