வ்யூஸ் ஏறியபோது ஆர்பிஎம் ஏன் இறங்கியது

கோத்தகிரி பக்கம் நானும் என் சித்தி மகளும் சேர்ந்து ஒரு யூடியூப் சேனல் நடத்துகிறோம். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களின் சமையல், லயத்து வாழ்க்கை, கொழுந்து பறிப்பு, இவைதான் முதலில் போட்ட வீடியோக்கள். அப்புறம் கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட் அறுவடையை எடுத்துப் போட்டோம். அது தமிழ்நாடு முழுக்கப் பரவியது. அந்த மாதம் தங்கை சேனலின் கணக்குவழக்கைக் காட்டும் யூடியூப் ஸ்டுடியோவைத் திறந்து பார்த்துவிட்டு, "அண்ணா, வ்யூஸ் இவ்வளவு ஏறியிருக்கு, ஆர்பிஎம் மட்டும் ஏன் இறங்குது?" என்று கேட்டாள்.

ஆர்பிஎம் என்பது ஆயிரம் பார்வைக்கு நம் கைக்கு வரும் தொகை. சிபிஎம் வேறு, ஆயிரம் முறை விளம்பரம் காட்ட விளம்பரதாரர் கொடுப்பது அது. ஒவ்வொரு பார்வையிலும் விளம்பரம் ஓடாது. ஓடியதில் வரும் பணத்திலும் நீள வீடியோ என்றால் நமக்கு 55 சதவீதம்தான். ஸ்டுடியோவில் Playback-based CPM என்று ஓர் எண் இருக்கும். விளம்பரம் ஓடிய ஆயிரம் பார்வைக்கு எவ்வளவு வந்தது என்பதை அது காட்டும். இந்தியாவுக்கு அது 2 டாலர் என்று வையுங்கள். ஆயிரம் பார்வையில் 450-இல் விளம்பரம் ஓடினால் 90 சென்ட். அதில் 55 சதவீதம் ஏறக்குறைய 50 சென்ட். கனடாவில் அதே எண் 12 டாலர், 600 பார்வையில் விளம்பரம் ஓடியது என்றால் 7.20 டாலர் வரும். நம் பங்கு ஏறக்குறைய 4 டாலர்.

இந்த விலையை நாடு வாரியாக யூடியூப் நிர்ணயித்து வைத்திருக்கவில்லை. ஒவ்வொரு விளம்பர இடமும் ஏலத்தில் போகிறது. வீடியோ எங்கே எடுக்கப்பட்டது என்பது அந்த ஏலத்தில் பெரிதாக எடுபடாது, பார்ப்பவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதுதான் விலையை நகர்த்துகிறது. டொரொண்டோவில் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்குப் புது வாடிக்கையாளர் ஒருவர் கிடைத்தால் பல ஆண்டுகளுக்குப் பணம் வரும். அந்த ஒருவருக்காக அது நிறையச் செலவு செய்யும், அங்கே போட்டிக்கும் ஆள் உண்டு. நம் ஊரில் பார்வைகள் ஏராளம், ஒரு வாடிக்கையாளரிடமிருந்து கிடைக்கும் லாபமோ குறைவு. அதனால் ஏலம் தாழ்வாகவே முடிகிறது. எங்கள் பழைய வீடியோக்களைக் கனடா, லண்டன், சிங்கப்பூரில் இருக்கும் உறவுகள் விரும்பிப் பார்த்தார்கள். கேரட் வீடியோவைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் சமவெளி விவசாயிகள்.

கணக்கைப் புரிந்துகொள்ள எண்களை முழுதாக்கிச் சொல்கிறேன். முன்பு மாதம் 20,000 பார்வை. அதில் வெளிநாடு 4,000. ஆயிரத்துக்கு 4 டாலர் வீதம் 16 டாலர். இந்தியா 16,000, ஆயிரத்துக்கு 50 சென்ட் வீதம் 8 டாலர். மொத்தம் 24 டாலர், ஆர்பிஎம் 1.20. கேரட் வீடியோ ஓடிய மாதம் ஒரு லட்சம் பார்வை. வெளிநாடு 6,000, அதற்கு 24 டாலர். இந்தியா 94,000, அதற்கு 47 டாலர். மொத்தம் 71 டாலர், ஆர்பிஎம் 0.71. எந்த நாட்டின் விலையும் ஒரு பைசா குறையவில்லை. வெளிநாட்டுப் பார்வைகூட ஏறித்தான் இருக்கிறது. கலவை மாறியதால் சராசரி இறங்கியது, அவ்வளவுதான். "அப்போ கேரட் வீடியோவால நமக்கு நஷ்டம் இல்லை" என்று தங்கைக்கு நிம்மதி.

இதை யாரும் சரிபார்க்கலாம். ஸ்டுடியோவில் Analytics போய் Advanced mode திறந்து, Geography தேர்ந்தெடுத்து, RPM பத்தியைச் சேர்த்து, இரண்டு மாதங்களையும் ஒப்பிடுங்கள். நாட்டு வரிசையில் ஒவ்வொன்றும் அசையாமல் மொத்தம் மட்டும் இறங்கியிருந்தால் அது கலவை. எல்லா நாட்டிலும் சேர்ந்து இறங்கியிருந்தால் விளம்பரச் சந்தையே தணிந்திருக்கும். டிசம்பர் முடிந்து ஜனவரி பிறந்ததும் வழக்கமாக அப்படி நடக்கும். ஒரே நாட்டில் சரிந்தால் அந்த நாட்டில் எந்த வீடியோவைப் பார்க்கிறார்கள் என்று பாருங்கள். ஷார்ட்ஸ் பக்கம் பார்வை திரும்பியிருக்கலாம். ஷார்ட்ஸில் நம் பங்கு 45 சதவீதம்; பணமும் ஒரு ஷார்ட்ஸ் முடிந்து அடுத்தது வருவதற்குள் ஓடும் விளம்பரங்களின் வருமானத்தை ஒன்றாகத் திரட்டிப் பிரித்துத்தான் வரும்.

அமெரிக்கப் பார்வைக்கு மட்டும் இன்னொரு கழிவு உண்டு. யூடியூப் பணம் நமக்கு வந்து சேரும் ஆட்சென்ஸ் கணக்கில் W-8BEN என்ற அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்பி, இந்தியா–அமெரிக்க வரி ஒப்பந்தச் சலுகையைக் கோரினால் அமெரிக்கப் பார்வையாளர்களிடமிருந்து வந்த தொகையில் 15 சதவீதம் பிடிப்பார்கள். படிவமே கொடுக்காத தனிநபருக்கு மொத்த வருமானத்திலும் 24 சதவீதம் வரை பிடிக்கலாம். ஸ்டுடியோவில் தெரியும் தொகையில் இந்தப் பிடித்தம் கழிக்கப்பட்டிருக்காது. ஆட்சென்ஸ் கணக்கில்தான் அதைப் பார்க்க முடியும்.