ஒன்பதாம் எண் பையன்: கபடி செலக்‌ஷன் நாட்குறிப்பு

ஜூலை 7, திங்கள்

குறுவட்டப் போட்டிக்கு 17 வயதுக்குட்பட்டோர் கபடி அணி எடுக்க வேண்டும். காலை பிரேயரில் அறிவித்தேன். மதியத்துக்குள் 34 பையன்கள் பெயர் கொடுத்துவிட்டார்கள். இடமோ 12தான்.

போன வருடம் பட்ட பாட்டுக்குப் பிறகு, இந்த முறை விதியை முன்கூட்டியே எழுதி விளையாட்டு அறைக் கதவில் ஒட்டியிருக்கிறேன். ரெய்டர் ஐந்து பேர், பிடிப்பவர்கள் ஆறு பேர், இரண்டும் செய்கிற ஒருவன். ஒவ்வொரு ரெய்டருக்கும் பத்து ரெய்டு. எடுக்கும் ஒவ்வொரு பாயின்டுக்கும் ஒன்று கூட்டல், பிடிபட்டால் ஒன்று கழித்தல். பிடிப்பவர்களில் ஏழு பேர் கொண்ட இரண்டு அணிகள், மிச்ச ஆட்கள் இடையிடையே மாறுவார்கள். எல்லா ரெய்டரும் இரண்டு அணியையும் ஐந்தைந்து முறை சந்திப்பார்கள். இல்லையென்றால் நோஞ்சான் அணியிடம் பாடினவன் ஹீரோ, நல்ல அணியிடம் மாட்டினவன் ஜீரோ என்றாகிவிடும்.

இங்கே யார் பெயரும் எழுதப்போவதில்லை. முதுகில் குத்திய தாளில் இருக்கும் எண் மட்டும்தான்.

ஜூலை 8, செவ்வாய்

பழைய மாணவர் ஒருவர் நடுவராக நின்றார். பாயின்ட் எழுதியது எங்கள் கணக்கு ஆசிரியர். அவருக்குக் கபடியும் அவ்வளவாகத் தெரியாது, பையன்களின் ஊர், தெரு எதுவும் தெரியாது. அதற்காகத்தான் அவரைப் பிடித்தேன். நான் தனித் தாளில், பெயர் இல்லாமல், கால் வைப்பதையும் திரும்புவதையும் குறித்துக்கொண்டேன்.

14 ரெய்டர்கள், ஆளுக்குப் பத்து ரெய்டு. முடியவே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

நான்கு பேர் சந்தேகமே இல்லாமல் மேலே. ஐந்தாவது இடத்துக்கு 9ஆம் எண், நிகரம் 8. அவனுக்கு அடுத்து 23ஆம் எண், நிகரம் 3. கணக்கு சார் பேனாவை மூடிவிட்டு, "முடிஞ்சுது சார், லிஸ்ட் போட்டுடலாம்" என்றார்.

ஜூலை 8, இரவு

தூக்கம் வரவில்லை. தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

9ஆம் எண் எடுத்த ஒன்பது பாயின்டில் ஆறு போனஸ். தொட்டு எடுத்தது மூன்றுதான். 23 எடுத்தது ஆறு, அதில் ஐந்து தொட்டு எடுத்தது, போனஸ் ஒன்று. ஆனால் அவன் மூன்று முறை பிடிபட்டிருக்கிறான். 9 ஒரே முறை.

தவறு பையனிடம் இல்லை, நான் வைத்த சோதனையில்தான். எதிரில் ஆறு பேராவது நின்றால்தான் போனஸ் கோட்டைத் தாண்டினால் பாயின்ட். என் செலக்‌ஷனில் அவுட்டாகி யாரும் வெளியே போகவில்லை. ஒவ்வொரு ரெய்டிலும் ஏழு பேரும் நின்றார்கள். அதாவது போனஸ் கதவு பத்து முறையும் திறந்தே இருந்தது. போட்டியில் அப்படியா? இரண்டு பேர் வெளியே போய்விட்டாலே அந்தக் கதவு மூடிவிடும். நாலு பேர், மூன்று பேர் நிற்கும்போது உள்ளே போய்க் கை வைத்துவிட்டுத் திரும்புகிறவன்தான் அணிக்குத் தேவை. அதை நான் ஒருமுறைகூடச் சோதிக்கவில்லை.

சரி, விதியை மாற்றலாமா? முடிவைப் பார்த்த பிறகு அளவுகோலை மாற்றுவது எந்த ஊரில் நியாயம்? அதைவிடப் பெரிய தலைவலி, 23ஆம் எண் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் பொறுப்பில் இருக்கிறவரின் மகன். மாற்றினால் ஊர் என்ன பேசும் என்று எனக்குத் தெரியும்.

ஜூலை 9, புதன்

தலைமை ஆசிரியரிடம் இரண்டையும் சொன்னேன், சோதனையில் இருந்த ஓட்டையையும் அந்தப் பையன் யார் என்பதையும். "முதல் நாள் மார்க்கை அழிக்காதீங்க, மேல சேருங்க" என்றார். எனக்கும் அதுதான் பட்டது.

கதவில் புதுத் தாள் ஒட்டினேன். வெள்ளிக்கிழமை இரண்டாம் சுற்று. அந்த இரண்டு பேருக்கு மட்டுமல்ல, 14 ரெய்டர்களுக்கும் உண்டு. எதிரில் நாலு பேர், போனஸ் கிடையாது, பத்து ரெய்டு, அதே கூட்டல் கழித்தல். இரண்டு நாள் நிகரத்தையும் கூட்டியதுதான் முடிவு. ஏன் இந்தச் சுற்று என்ற காரணத்தையும் நாலு வரியில் எழுதினேன்: "முதல் நாள் சோதனையில் என் பிழை" என்றே.

இந்த முறை நடுவராக நான் இல்லை, எங்கள் பழைய மாணவரும் இல்லை. பக்கத்துப் பள்ளி உடற்கல்வி ஆசிரியரைக் கூப்பிட்டிருக்கிறேன்.

ஜூலை 11, வெள்ளி

9ஆம் எண்: தொட்டது மூன்று, பிடிபட்டது ஐந்து. நிகரம் கழித்தல் 2. 23ஆம் எண்: தொட்டது ஏழு, பிடிபட்டது இரண்டு. நிகரம் 5.

கூட்டினால் 9க்கு 6, 23க்கு 8. மேலே இருந்த நான்கு பேரும் அப்படியே இருக்கிறார்கள்.

என் தாளில் இருந்த குறிப்பும் இதையே சொல்லியது. நாலு பேர் நிற்கும்போது 9ஆம் எண் நடுவிலேயே ஆடிக்கொண்டிருந்தான். கார்னர் பக்கம் கால் போகவே இல்லை. கடைசி ஐந்து விநாடியில் அவசரப்பட்டு உள்ளே போய் மாட்டினான். 30 விநாடியில் 25 விநாடி வீண்.

ஜூலை 14, திங்கள்

முன்பெல்லாம் லிஸ்டை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டுப் போய்விடுவேன். கூட்டத்தில் தன் பெயரைத் தேடித் தேடி ஒரு பையன் அழுததைப் பார்த்த பிறகு அதை விட்டுவிட்டேன். இப்போது இல்லாதவர்களிடம் முதலில் சொல்கிறேன், ஒருவர் ஒருவராக. ஆசிரியர் அறையில் இல்லை, அங்கே பத்துக் காது இருக்கும். விளையாட்டு அறை வாசல்தான். 22 பேர். காலையும் மதிய இடைவேளையும் போதவில்லை, விளையாட்டுப் பாடவேளையும் போயிற்று.

பெரும்பாலானவர்களுக்கு இரண்டு நிமிடம் போதும். முடிவை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுவேன். "நீ நல்லாத்தான் ஆடின, ஆனா" என்று ஆரம்பித்தால் அந்த 'ஆனா' வரும்வரை பையன் மூச்சுப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். இன்னொருவனோடு ஒப்பிட்டுப் பேசுவதில்லை. "அடுத்த வருஷம் கண்டிப்பா உண்டு" என்றும் சொல்வதில்லை. அது என் கையில் இல்லை.

9ஆம் எண்ணுக்குத் தாளையே காட்டினேன். தன் வரியை விரலால் தடவிப் பார்த்தான்.

"செவ்வாய்க்கிழமையே லிஸ்ட் போட்டிருந்தா நான் உள்ள இருந்திருப்பேன்ல சார்?"

"இருந்திருப்பே."

"அப்போ உங்க தப்புக்கு நான் வெளிய போறேன்."

மழுப்ப ஒன்றும் இல்லை. "சோதனையில தப்பு என்னோடதுதான். அதை அன்னைக்கே சரியா வச்சிருக்கணும். ஆனா நாலு பேர் நிக்கிறப்ப நீ தடுமாறுறது நிஜம்டா, அதைப் போட்டியில கண்டுபிடிச்சிருந்தா இன்னும் மோசம்" என்றேன். கார்னர் பக்கம் கால் போகாததைச் சொன்னேன். கேட்டானா என்று தெரியவில்லை. தாளைத் திருப்பித் தந்துவிட்டுப் போனான்.

ஜூலை 15, செவ்வாய்

அவன் அம்மா வந்திருந்தார். "அந்தப் பையன் யாரு மகன்னு எங்களுக்குத் தெரியாதா சார்?" வந்ததும் இதுதான்.

கணக்கு சார் கையெழுத்தில் ஒரு தாள், பக்கத்துப் பள்ளிக்காரர் கையெழுத்தில் ஒரு தாள், கதவில் ஒட்டிய இரண்டு அறிவிப்புகள். எல்லாவற்றையும் முன்னால் வைத்தேன். 23ஆம் எண்ணின் வரியை மட்டும் மறைத்தேன், அது இன்னொரு வீட்டுப் பிள்ளையின் கணக்கு. பொறுமையாகப் படித்தார். "எழுதினதெல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றார். கொஞ்சம் நின்று, "ரெண்டாவது தடவை வைக்காமலே இருந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

ஜூலை 17, வியாழன்

பெண்கள் அணி செலக்‌ஷனுக்கு விதித்தாள் வேண்டும் என்று டீச்சர் கேட்டார். திருத்திக் கொடுத்தேன்: ஏழு பேர் எதிரே ஐந்து ரெய்டு, நாலு பேர் எதிரே ஐந்து ரெய்டு. பிடிப்பவர்களுக்கு, மூன்று பேராக நின்று பிடிக்கும் சுற்று ஒன்று. அப்படிப் பிடிக்கிற சூப்பர் டேக்கிளுக்கு இரண்டு பாயின்ட் கிடைக்கிற ஆட்டத்தில் அதையும் நான் சோதிக்காமல் விட்டிருக்கிறேன். பையன்களில் பிடிக்கிற ஆறு பேரைச் சரியாகத்தான் எடுத்தேனா என்று இப்போது யோசனை வருகிறது.

சாயங்காலம் 9ஆம் எண் சைக்கிளோடு கோர்ட்டு ஓரம் வந்து நின்றான். பயிற்சிக்கு எதிரணியாக நிற்கிறாயா என்று கேட்டேன். "டியூஷன் இருக்கு சார்" என்றான். ஆனாலும் பத்து நிமிடம் போல நின்று பார்த்துவிட்டுத்தான் போனான்.