பழைய கார் வாங்கும் முன் விற்பவருக்கு அனுப்பிய செய்தியும், தேதி மறைக்கப்பட்ட ஒரு கடிதமும்

"வண்டி எங்கேயாவது மோதியிருக்கிறதா?" என்று கேட்டால், "சின்னச் சின்னக் கீறல்தான்" என்பதைத் தாண்டி எவரும் பதில் சொல்வதில்லை. ஆகவே, தஞ்சாவூரில் முதல் உரிமையாளரே விற்ற 2018-ஆம் ஆண்டுக் கார் ஒன்றுக்காக அவருக்கு அனுப்பிய செய்தியில் நான் இப்படிக் கேட்டேன்:

"ஐயா, வணக்கம். நேரில் வருவதற்கு முன் சில விவரங்கள் தேவை. இப்போதைய இன்சூரன்ஸ் பாலிசியின் எல்லாப் பக்கங்களையும் அனுப்ப இயலுமா? கடைசியாக எந்த ஆண்டில் கிளெய்ம் செய்தீர்கள், அப்போது எந்தெந்தப் பாகங்கள் மாற்றப்பட்டன, பில் இருக்கிறதா? நீங்கள் அனுப்பிய ஆர்.சி. படத்தில் வங்கிக் கடன் குறிப்பு இருக்கிறது. கடன் முடிந்திருந்தால், வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-உம் எந்தத் தேதியில் தரப்பட்டவை?"

எழுத்தில் பதில் வரவில்லை, தொலைபேசியில்தான் வந்தது. "நேர்ல வாங்க தம்பி, வண்டி கண்ணாடி மாதிரி இருக்கு" என்றார். பாலிசியைப் பார்க்காமல் புறப்பட மாட்டேன் என்று பணிவாகச் சொன்ன பிறகுதான் அதை அனுப்பினார்.

அந்தப் பாலிசியில் நான் தேடியது 'நோ கிளெய்ம் போனஸ்' என்ற ஒரே வரியை. கிளெய்ம் இல்லாமல் ஓராண்டு கழிந்தால் 20 விழுக்காட்டில் தொடங்கும் இந்தப் பிரீமியத் தள்ளுபடி, 25, 35, 45 என்று ஏறி, ஐந்தாண்டுகளில் 50-ஐத் தொடும். இடையில் ஒரு கிளெய்ம் செய்தால் அடுத்த புதுப்பிப்பில் அது பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். 2024-இல் தொடங்கிய அந்தப் பாலிசியில் 20 என்றிருந்தது. அப்படியானால், அதற்கு முந்தைய ஓராண்டு மட்டுமே கிளெய்ம் இல்லாமல் கழிந்திருக்கிறது; அதற்கும் முந்தைய ஆண்டில் ஏதோ நடந்திருக்கிறது. பாலிசி காலாவதியாகி 90 நாட்களுக்கு மேல் புதுப்பிக்காமல் விட்டாலும் தள்ளுபடி போய்விடும் என்பதால், அதையும் சேர்த்தே கேட்டேன். சற்று மௌனத்துக்குப் பின், முன்னால் நின்ற லாரியின் மீது மோதியதை ஒப்புக்கொண்டு, சர்வீஸ் சென்டர் பில்லையும் அனுப்பினார். (50 விழுக்காடு இருந்தாலும் முழுமையாக நம்பிவிட முடியாது. போனஸைப் பாதுகாக்கும் கூடுதல் காப்பீடு எடுத்தவருக்குக் கிளெய்முக்குப் பிறகும் அது குறையாமல் இருக்கலாம்.)

பில்லில் பம்பர், பானெட், ரேடியேட்டர், ஒரு ஹெட்லைட் ஆகியவை இருந்தன. இவை போல்ட்டைக் கழற்றி மாட்டக்கூடியவை என்பதால் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. வண்டியின் கூட்டோடு வெல்டிங் செய்யப்பட்டிருக்கும் ஏப்ரன் என்ற உட்புறத் தகடு வளைந்திருக்கிறதா என்பதே கேள்வி. எனக்குத் தெரிந்த மெக்கானிக் பானெட்டைத் திறந்து, இருபக்க ஏப்ரனிலும் ஆலையில் இட்ட வெல்டிங் புள்ளிகள் சம இடைவெளியில் அப்படியே இருப்பதையும், பெயின்ட்டுக்கு அடியில் பட்டி பூசப்படவில்லை என்பதையும் காட்டிய பிறகே விலை பேசினேன். மறைத்த விபத்தைக் காரணமாக வைத்து விலையைக் குறைக்க முடிந்தது.

காகித விஷயத்தில்தான் பட்ட பாடு. கடன் தீர்ந்தாலே ஆர்.சி.யிலிருந்து வங்கியின் பெயர் தானாகப் போய்விடும் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். வங்கி கையெழுத்திட்டு முத்திரையிட்ட படிவம் 35-ஐக் கொடுத்து அந்தப் பெயரை நீக்கினால்தான் பெயர் மாற்றமே நடக்கும். "எல்லாம் இருக்கிறது" என்று அவர் அனுப்பிய வங்கியின் தடையில்லாக் கடிதத்தின் படத்தில் மேல் பகுதி வெட்டப்பட்டிருந்தது. முழுப் படம் கேட்டும் வரவில்லை. "ஆபீஸுக்கு ஒரிஜினலோடவே வந்துடறேன்" என்றார். அவர் சொன்னபடி போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனபோது, எழுத்தர் கடிதத்தின் தேதியைப் பார்த்துவிட்டு, அது மூன்று மாதமே செல்லும் என்று அதிலேயே அச்சிடப்பட்டிருப்பதை விரலால் சுட்டிக்காட்டித் திருப்பித் தள்ளினார். வேறு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டதற்கு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அரைநாள் விடுப்பு வீண்.

புதிய கடிதத்துக்காக வங்கிக்கு அலைய விற்பவருக்கு மனமில்லை. "பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், நீங்கள் மெதுவாக மாற்றிக்கொள்ளுங்கள்" என்றார். பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருப்பதையும், பெயர் மாறாத வண்டியால் விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுச் சுமை அவர் தலையில்தான் விழும் என்பதையும் எழுதி அனுப்பினேன். அந்த வாரமே வங்கிக்குப் போய்விட்டார். வண்டிப் பணத்தில் பாதியைப் புதிய கடிதம் கைக்கு வரும்வரை நிறுத்தி வைத்திருந்ததும் உதவியது. அதன்பின் பெயர் மாற்றம் சிக்கலின்றி முடிந்தது.

இன்சூரன்ஸையும் 14 நாட்களுக்குள் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். போனஸ் வண்டிக்குரியது அன்று, ஆளுக்குரியது. ஆகவே அந்த 20 விழுக்காட்டுத் தள்ளுபடியின் மீதிக் காலத்துக்கான தொகையைக் காப்பீட்டு நிறுவனம் என்னிடமே வசூலித்துக்கொண்டது. விலை பேசும்போதே இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.