எட்டேகால் குழியும் பதினெட்டடிக் கோலும்

காரைக்குடியில் படித்தபோது, பழைய ஆவண வாசிப்புக்கு ஒரு செய்முறைத் தேர்வு இருந்தது. பத்திரத்தின் புகைப்படம் ஒன்றைக் கொடுப்பார்கள். அதிலுள்ள நில அளவை இன்றைய கணக்குக்கு மாற்றி, ஒவ்வொரு படியையும் எழுதிக் காட்ட வேண்டும். முதல் முறை நான் கோட்டை விட்டேன். பெருக்கலில் ஒரு பிழையும் இல்லை. தப்பு அதற்கு முன்பே நடந்துவிட்டது.

தேர்வுக்கு வந்தது ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம், இரண்டு படங்கள். நஞ்சையின் அளவு இரண்டாம் படத்தில் ‘௨ மா ௮வ குழி’ என்று இருந்தது. பழைய கையெழுத்தில் இது ‘உ மா அவ குழி’ என்றுதான் கண்ணுக்குத் தெரியும். பக்கத்தில் இருந்தவர் ‘அவ’ என்பதை ஏதோ ஊர்ப்பெயரின் சுருக்கம் என்று நினைத்துவிட்டார். ‘எட்டேகால் லட்சணமே’ என்று திட்டுவது நினைவிருந்தால் போதும். எட்டுக்கு அ, காலுக்கு வ; சேர்த்தால் அவலட்சணம். ஆக, இது 2 மா 8¼ குழி.

அடுத்த வரியில் கிழமேல் ‘௨௰௪’ அரைக் கோல், தென்வடல் எட்டரைக் கோல் என்று இருந்தது. நடுவில் ய மாதிரி நிற்கும் ௰ பத்தைக் குறிக்கும். எனவே அது இரண்டு பத்தும் நாலும், அதாவது 24. இந்த வரியை விட்டுவிடாதீர்கள், நம் வாசிப்பைச் சோதிக்க இதுதான் கைகொடுக்கும். ஒரு கோல் நீளம், ஒரு கோல் அகலம் உள்ள சதுரம் ஒரு குழி. 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி.

2 மா 8¼ குழி = 200 + 8.25 = 208.25 குழி
24.5 கோல் × 8.5 கோல் = 208.25 குழி

இரண்டும் ஒத்துப் போனதால் எண்களைச் சரியாகப் படித்திருக்கிறோம். கோல் எத்தனை அடி என்பதை மட்டும் இந்தச் சோதனை சொல்லாது. நான் சறுக்கியது அங்கேதான். 12 அடிக் கோல், 144 சதுர அடிக் குழி என்று மனப்பாடம் செய்திருந்ததை அப்படியே போட்டேன்.

208.25 × 144 = 29,988 சதுர அடி
29,988 ÷ 435.6 = 68.84 சென்ட்

முதல் படத்தின் மேல் ஓரத்தில், பாதி நிழலில், ‘௰௮ அடிக் கோலால்’ என்று இருந்ததை நான் பார்க்கவே இல்லை. பதினெட்டு அடி. அடிக்கு 12 அங்குலம் என்று வினாத்தாளே சொல்லியிருந்தது. சரியான கணக்கு இது:

1 குழி = 18 × 18 = 324 சதுர அடி
208.25 × 324 = 67,473 சதுர அடி
67,473 ÷ 435.6 = 154.90 சென்ட், அதாவது 1 ஏக்கர் 54.90 சென்ட்
67,473 × 0.092903 = 6,268 சதுர மீட்டர் = 62.68 ஏர் = 0.6268 ஹெக்டேர்

கோல் ஒன்றரை மடங்கானதும் நிலம் இரண்டேகால் மடங்காகிவிட்டது. வித்தியாசம் 86 சென்ட்! அதிலிருந்து, கோலின் அளவு கிடைக்கும்வரை நான் குழியோடு நின்றுவிடுவேன், சதுர அடிக்குப் போகமாட்டேன்.

அப்புறம் கானாடுகாத்தானில் ஒரு தோழியின் அப்பத்தா வீட்டுப் பெட்டகத்தில் இதே மாதிரிப் பத்திரம் ஒன்று கிடைத்தது. அதில் கோல் எழுதியிருந்த இடத்தைச் செல்லரித்திருந்தது. “அந்தச் செய் இன்னைக்கும் முழுசா நம்மகிட்டத்தான் இருக்கு, பட்டாவைப் பாருப்பா” என்றார் அப்பத்தா. அதுதான் வழி. 12, 16, 18 மூன்றுக்கும் கணக்குப் போட்டு, பட்டாவிலுள்ள ஹெக்டேர், ஏருடன் ஒப்பிட்டோம். ஒன்றுதான் நெருங்கி வந்தது. வயல் உட்பிரிவு ஆகாமல் இருந்தால்தான் இது செல்லும்.

காணி என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். செங்கல்பட்டுப் பக்கத்துக் காணி 1.32 ஏக்கர். ஆனால் வேலிக் கணக்கில் காணி என்பது எண்பதில் ஒரு பங்கு, அதாவது 25 குழி. முன்னால் வேலியோ மாவோ வந்தால் பின்னதாகத்தான் இருக்கும்.

மறுதேர்வுப் பத்திரத்தில் ஒரு புஞ்சை ‘இரண்டு கலம் விதைப்பாடு’ என்று மட்டும் இருந்தது. அது விதையின் அளவு. மண்ணும் விதைக்கும் முறையும் மாறினால் அதே விதை பிடிக்கும் நிலமும் மாறும். கலத்துக்கு 12 மரக்கால் என்று 24 மரக்கால் விதைப்பாடு வரை எழுதி, ‘பரப்பாக மாற்ற ஆவணத்தில் ஆதாரம் இல்லை’ என்று விட்டேன். அதற்கு முழு மதிப்பெண் கிடைத்தது.